வெறும் கட்டத்துக்குப் பூச்சியம்

“மிஸ், வேல செய்ய மாட்டேங்குது.”

இப்படி ஒரே ஒரு வரியை அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் கண்டால் ஷெரோமிக்குப் பற்றிக்கொண்டு வரும். எது வேலை செய்யவில்லை? எந்த இடத்தில்? வைத்தியரிடம் போய் “நோகுது” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அந்த மனுசன் என்ன செய்வான், தலைக்கு மருந்து கொடுப்பானா, காலுக்குக் கட்டுப் போடுவானா? அதனால்தான் வகுப்புக் குழுவின் உச்சியில் அவள் ஒரு அறிவிப்பை எழுதி ஒட்டி வைத்திருந்தாள். எங்க நிக்குது, என்ன வரணும், என்ன வருது, என்ன செஞ்சு பாத்தீங்க. இந்த நாலும் இல்லாமல் வரும் மெசேஜுக்குப் பதில் கிடையாது. விடை தரமாட்டேன், ஹின்ட் மட்டும்தான்.

அட்டன் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் நிலையம். கொழும்பில் இருக்கும் விரிவுரையாளர் சனிக்கிழமைகளில் திரையில் தோன்றிப் பாடம் நடத்துவார். கேள்வி எழுதுவது, விடையைத் தானாகத் திருத்தும் செக்கரை அமைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு மாரடிப்பது உதவிப் போதனாசிரியை ஷெரோமியின் பொறுப்பு. பெரிய சேர் என்று எல்லாரும் அழைக்கும் அந்த விரிவுரையாளர் சிங்களத்திலும் இங்கிலீசிலும் சொல்வதை இவள் மலையகத்துத் தமிழில் உடைத்துக் கொடுப்பாள். தோட்டத்துப் பிள்ளை ஒன்று முதல் தடவை தன் புரோகிராம் ஓடுவதைப் பார்த்து “ஐயோ மிஸ், வந்திருச்சு!” என்று கத்தும்போது அவளுக்கு வயிறு குளிர்ந்துவிடும். அந்த ஒரு சுகத்துக்காகத்தான் வருசா வருசம் புதுப்பிக்கிற தற்காலிக வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவளும் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள்தான். அப்பா பத்திநாதன் தோட்ட ஆபீசில் எடுபிடி வேலை பார்த்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆள்கள் மலைக்குப் போனதும், ஆபீஸ் முற்றத்து மழைமானியில் சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, வாசல் பலகையில் எத்தனை மில்லிமீற்றர் என்று சோக்கால் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விடுவார், அன்றைக்கு அளக்க ஆளில்லை. தீபாவளி, பொங்கல், நத்தார் என்று தோட்டம் மூடினாலும் அப்படித்தான். மழை மட்டும் ஞாயிறு பார்த்தா பெய்யும்? திங்கட்கிழமை போனால் இரண்டு நாள் தண்ணீரும் ஒன்றாகக் கிடக்கும். இதெல்லாம் ஷெரோமிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத சங்கதி. அது தெரியாத ஒருத்தி பின்னால் வரும் அந்த ஹின்டைக் கொடுத்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த வருடம் பெரிய சேர் கொடுத்த கேள்வி மழையைப் பற்றியது. ஒரு கோப்பில் தேதியும் அதற்கு நேரே அன்றைய மழை அளவும் இருக்கும். புரோகிராம் அதை வரி வரியாக வாசித்து எழுபத்தைந்து மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் பச்சை, அதற்கு மேலே மஞ்சள், நூறு தாண்டினால் செம்மஞ்சள், நூற்றைம்பது தாண்டினால் சிவப்பு என்று அச்சிட வேண்டும். மண்சரிவு எச்சரிக்கையாம். மலையகத்துப் பிள்ளைகளுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று அவரே யோசித்துப் போட்ட கேள்வி. நல்ல மனசோடுதான் போட்டார், அதைக் குறை சொல்லக்கூடாது.

ஒப்படைக்கும் கடைசி நாளன்று பின்னேரம் ஷெரோமியின் போன் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. “வேல செய்ய மாட்டேங்குது” கூட்டம் ஒரு பக்கம், அழுகிற முகப் பொம்மையை மட்டும் அனுப்பியவர்கள் ஒரு பக்கம். அதற்கு நடுவில் வந்தது இந்த மெசேஜ்.

“மிஸ், நான் ஜெயந்தினி. மழை அளவுக் கேள்வி.

எங்க நிக்குது: அஞ்சு டெஸ்டுல நாலாவது மட்டும் பெயில். புரோகிராம் நிக்கல, எரரும் வரல.

என்ன வரணும்: செக்கர் ‘பச்சை’ன்னு எதிர்பாக்குது.

என்ன வருது: என்னோடது ‘அளக்கவில்லை’ன்னு காட்டுது.

என்ன செஞ்சு பாத்தேன்: நாலாவது டெஸ்ட் கோப்புல ஒரு தேதிக்கு நேரா அளவு இல்ல, கட்டம் வெறுமையா இருக்கு. மொதல்ல அந்த எடத்துல எண்ணா மாத்த ஏலாதுன்னு எரர் வந்துச்சு. அதனால வெறுமையா இருந்தா நெறம் சொல்லாம ‘அளக்கவில்லை’ன்னு போடுற மாதிரி ஒரு இஃப் வச்சேன். மிஸ், எங்க தோட்டத்துல ஞாயித்துக்கெழமையும் பெருநாளும் மழ அளக்க மாட்டாங்க. அன்னைக்குக் கட்டம் வெறுமையாத்தான் இருக்கும். அதுக்கு மழ பெய்யலன்னு அர்த்தம் இல்லையே மிஸ்? விட வேணாம், ஒரு ஹின்ட் மட்டும் தாங்க.”

வாசித்ததும் ஷெரோமிக்கு முதலில் வந்தது சந்தோசம். பாருங்கள், இப்படி எழுதத் தெரிந்த பிள்ளையும் இருக்கிறதே! ஜெயந்தினி உடப்புசல்லாவைப் பக்கத்து மலைத் தோட்டம் ஒன்றிலிருந்து படிப்பவள். அவ்வளவு தூரத்திலிருந்து அட்டனுக்கு வந்துபோக முடியாமல், தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறி நின்றால் கிடைக்கும் சிக்னலில் போன் வழியாகவே வகுப்பைக் கேட்கிறவள். வாயைத் திறந்து பேசவே கூச்சப்படுவாள். அவள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே சரிவில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது என்று ஒரு தடவை சொல்லியிருந்தாள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், வெடிப்பு விரிகிறதா என்று பார்க்க இரு பக்கமும் முளை அடித்தார்கள், கடும் மழை வந்தால் கோயில் மண்டபத்துக்கு ஓடிவிடுங்கள், வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். முளை உக்கிப்போனது, வீடு வரவில்லை. அவளும் அவள் அம்மா வீரம்மாவும் அந்த லயத்தில்தான் இருந்தார்கள்.

அந்த மெசேஜில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று கேள்வி, மற்றது வேண்டுகோள். மழை பெய்யவில்லை என்று அர்த்தமில்லையே என்பது கேள்வி. ஹின்ட் தாருங்கள் என்பது வேண்டுகோள்.

கேள்வித்தாளின் மூன்றாம் பந்தியில் பெரிய சேர் தெளிவாக எழுதியிருந்தார்: அளவு இல்லாத இடத்தில் பூச்சியம் என்று கொள்க. நாலாவது டெஸ்ட் அதற்காகவே வைத்தது. பூச்சியம் என்றால் எழுபத்தைந்துக்குக் குறைவு, ஆகவே பச்சை. ஜெயந்தினியின் புரோகிராமில் இருந்த குற்றம், கேள்வி சொன்னபடி செய்யாததுதான். அவள் செய்தது சரி என்பது ஷெரோமிக்கு வாசித்த உடனேயே தெரிந்துவிட்டது. பத்திநாதனின் மகளுக்குத் தெரியாதா என்ன? பெரிய சேருக்கு இதை எழுத வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். போன முறை இன்னொரு கேள்வியில் பிழை காட்டியதற்கு, “மிஸ் கேள்வி எழுதுற வேலைய எப்ப எடுத்துக்கிட்டீங்க?” என்று அவர் சிங்களத்தில் சிரித்துக்கொண்டே கேட்டது ஞாபகம் வந்தது. வேலை நீடிப்புக் கடிதத்தில் அவருடைய கையெழுத்தும் விழ வேண்டும். இன்னும் எட்டுப் பத்துப் பிள்ளைகள் பதிலுக்குக் காத்துக் கிடந்தார்கள். இந்தப் பிள்ளை இந்த ஒரு டெஸ்டால் தோற்றுவிடக் கூடாது, அதுதான் முக்கியம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று மனதைச் சமாளித்துக்கொண்டாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க தங்கச்சி. ஹின்ட்: கேள்வியோட மூணாவது பந்திய இன்னொரு தடவ வாசிங்க. வெறும் கட்டத்துக்கு என்ன பெறுமதின்னு சொல்லியிருக்கு?”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “பூச்சியம் மிஸ். போட்டேன். அஞ்சும் பாஸ். ரொம்ப நன்றி மிஸ்.”

கேள்விக்குப் பதில் எழுதவில்லையே என்று ஷெரோமிக்கு அன்றைக்கே ஒரு உறுத்தல் இருந்தது. அடுத்த மெசேஜைத் திறந்தாள், உறுத்தல் போய்விட்டது.

ஜெயந்தினி நல்ல புள்ளியோடு தேறினாள். கொழும்பில் வெளிநாட்டுக்காரர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளைப் போனில் கேட்டுச் சரிபண்ணும் கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்தது. போவதற்கு முன் அட்டனுக்கு வந்து ஷெரோமியிடம் ஒரு பெட்டி மஸ்கெட் இனிப்பை நீட்டினாள். அன்றைக்குத்தான் வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு விஷயத்தையும் சொன்னாள்.

“அந்த மழ புரோகிராம் இருக்கில்ல மிஸ், அத சும்மா விடல. எங்க லயத்துக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்.”

ஆபீசில் மழை அளக்கும் அழகன் இனிமேல் பலகையில் எழுதுவதோடு நிற்காமல், போனிலிருந்து கூகுள் தாளிலும் எண்ணைப் போடுவான். இலவசமாகக் கிடைக்கும் ஒரு சேர்வரில் அவளுடைய புரோகிராம் கிடக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு அந்தத் தாளை அது வாசித்து லயத்து ஆள்களுடைய போனுக்கு ஒரு செய்தி அனுப்பும். வாட்சப்பில் தானாக அனுப்ப நேர்வழி இல்லையென்று எல்லாருடைய போனிலும் டெலிகிராமை இறக்கிக் கொடுத்திருந்தாள். “இன்று: பச்சை.” எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம். மஞ்சள் வந்தால் சாமானைக் கட்டி வைக்க வேண்டும், செம்மஞ்சள் வந்தால் கோயில் மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்று லயத்தில் பேசி வைத்திருந்தார்கள்.

“ஞாயித்துக்கெழமையும் பெருநாளும் பாக்கச் சொல்லி அழகன் அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன் மிஸ். சரின்னுட்டாரு. அம்மாவுக்கு இப்பல்லாம் காலையில சாமி படத்தப் பாக்குறதுக்கு முன்னாடி அந்த வட்டத்தத்தான் பாக்கணும்.”

ஷெரோமிக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள். அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை, அந்தப் பூச்சியத்தை எடுத்துவிட்டாயா என்று கேட்டிருக்கலாம். வாய்க்குள் மஸ்கெட் இருந்தது. கேட்கத் தோன்றவேயில்லை.

அழகன் சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் செய்தான். மாதக்கணக்காக ஞாயிறு என்றும் பாராமல் அளந்து போட்டான். ஆனால் அந்த ஐப்பசியில் அவனுக்குத் தலைத் தீபாவளி. ஆவணியில் கல்யாணம் முடித்தவன். பெண் கினிகத்தேனைப் பக்கம். தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போகாவிட்டால் அந்தப் பெண்ணை ஊர் சும்மா விடுமா? தோட்டத்துக்கு லீவு விட்டதுமே புதுச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பொண்டாட்டியோடு பஸ் ஏறிவிட்டான். மழைமானியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் அளக்காவிட்டால் “அளக்கவில்லை” என்று வரும், எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தானாம். அப்பாவி மனுசன். வேறு எந்த மனுசனும் அப்படித்தான் நினைப்பான்.

புதிதாகச் சேர்ந்தவள் என்று ஜெயந்தினிக்குத் தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு ஏது தீபாவளி?

தீபாவளி அன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பகல் முழுக்கக் கொட்டியது, இரவும் விடவில்லை. கூகுள் தாளில் அன்றைய கட்டம் வெறுமையாக இருந்தது, மறுநாள் கட்டமும் வெறுமையாக இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் புரோகிராம் அந்த வெறுமையை வாசித்தது. பூச்சியம் என்று கொண்டது. “இன்று: பச்சை” என்று அனுப்பியது.

வீரம்மா அதற்குள் துணிமணியையும் அடையாள அட்டையையும் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். மகளுக்குப் போன் எடுத்தாள்.

“இங்க ராத்திரி பூரா ஊத்தித் தள்ளிருச்சு பாப்பா. மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி மண்ணு கலந்து செவசெவன்னு வருது. மண்டபத்துக்குப் போயிருவமான்னு பேச்சியம்மா கேக்குறா. ஒன் மெசேஜு என்னமோ பச்சன்னு வந்திருக்கு.”

ஜெயந்தினி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் உட்காரும் நேரம். தன் போனைப் பார்த்தாள். பச்சை வட்டம்.

“பச்சன்னாப் பயப்படாதீங்கம்மா. அழகன் அண்ணன் அளந்துதான் போட்டிருப்பாரு. சத்தம் பெருசாக் கேட்டாலும் தண்ணி கம்மியா இருக்கும்.”

வீரம்மா மூட்டையை அவிழ்த்தாள். வந்ததற்குப் பலகாரமாவது கொடுப்போம் என்று பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவிடம் முறுக்குத் தட்டை நீட்டினாள். பேச்சியம்மா, பேரப்பிள்ளைகள் மண்டபத்துக்குப் போகலாம் என்று நச்சரித்ததால், அவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்; வீரம்மா வீட்டிலேயே இருந்தாள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் சரிவு இறங்கியது. அந்த வரிசையின் கடைசி மூன்று வீடுகள், உள்ளே இருந்த நாலு பேரோடு, மண்ணுக்குள் போய்விட்டன. வீரம்மா கடைசி வீடு.

மழைமானி ஆபீஸ் முற்றத்தில் பத்திரமாக நின்றிருந்தது. அடித்துப் பிடித்துத் திரும்பி வந்த அழகன் அதைத் திறந்து பார்த்தபோது உள்பாத்திரம் நிரம்பி வெளிப்பாத்திரத்துக்குள் வழிந்திருந்ததாம். எத்தனை மில்லிமீற்றர் என்று அளக்க அவனுக்குக் கை வரவில்லை.

செய்தி ஷெரோமிக்கு முகநூலில் கிடைத்தது. தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் போனை எடுத்தாள். ஜெயந்தினிக்கு அடித்தாள், எடுக்கவில்லை. எழுதினாள், பதிலில்லை. மறுநாள் பெரிய சேருக்குப் போன் எடுத்து நாலாவது டெஸ்டைப் பற்றிச் சொன்னாள். அவர், “அது பரீட்சைக் கேள்வி மட்டும்தானே மிஸ், அத நெசமான எடத்துல போடச் சொன்னது யாரு? அடுத்த வருசம் மாத்துவம்” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் எரிச்சல். இந்த விஷயத்தில் யார் சொல்வதிலும் பிழை இல்லை, ஆளாளுக்குச் சரியாகத்தான் இருந்தார்கள், வீரம்மா செத்துப்போனதுதான் மிச்சம்.

அதற்கடுத்த நாள் காலையில் மெசேஜ் வந்தது.

“மிஸ், நான் ஜெயந்தினி. மழை அளவு புரோகிராம்.

எங்க நிக்குது: எங்கயும் நிக்கல. ஓடுது.

என்ன வரணும்: சிவப்பு.

என்ன வந்துச்சு: பச்சை.

என்ன செஞ்சு பாத்தேன்: அம்மாவுக்குத் திரும்பத் திரும்பப் போன் அடிச்சுப் பாத்தேன்.

ஒரு ஹின்ட் தாங்க மிஸ்.”

ஷெரோமி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். பிறகு லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தாள்.

நானுஓயாவில் இறங்கி, வேனும் பஸ்ஸும் மாறி, பாதை உடைந்த இடத்தில் நடந்து அவள் தோட்டத்துப் பாடசாலையைப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. லயத்து ஆள்களை அங்கேதான் தங்க வைத்திருந்தார்கள். வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிப் பாய் போட்டிருந்தது. வீரம்மாவை அன்று மத்தியானம்தான் அடக்கம் பண்ணியிருந்தார்கள்.

வாசலில் நுழையும்போதே சத்தம் கேட்டது. பேச்சியம்மா வராந்தாவில் நின்று அழகன்மேல் வசையை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“மாமியா வீட்டு ஆட்டுக்கறி இனிச்சிச்சா? நாக்குல பட்டுச்சா? இங்க நாலு உசுரு மண்ணுக்குள்ள கெடந்துச்சேடா!”

அழகன் படிக்கட்டில் குந்தி உட்கார்ந்து முகத்தைக் கைகளுக்குள் புதைத்திருந்தான். உடம்பில் கிடந்தது அந்தத் தீபாவளிச் சட்டைதான். அவனுடைய புதுப் பெண்டாட்டி கொஞ்சம் தள்ளி நின்று, யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைத் தீபாவளியால்தான் இத்தனையும் என்று பேச்சு ஏற்கனவே கிளம்பியிருந்தது.

ஷெரோமிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

“அவரத் திட்டாதீங்கம்மா. அளக்கலன்னா அளக்கலன்னுதான் மெசேஜு வந்திருக்கணும். ஜெயந்தினி மொதல்ல அப்பிடித்தான் எழுதியிருந்தா. நாந்தான் பூச்சியம்னு போட வச்சேன். நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்குற மிஸ்.”

பேச்சியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அதெல்லாம் எங்களுக்கு வெளங்காதுங்க மிஸ். இவன் அளந்திருந்தா எல்லாருமே மண்டபத்துக்குப் போயிருப்போம். அம்புட்டுத்தான்.”

அவ்வளவுதான். ஷெரோமி சுமந்துகொண்டு வந்த குற்றத்தை அங்கே வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

ஜெயந்தினி வகுப்பறையின் கடைசி மூலையில் சுவரில் சாய்ந்து இருந்தாள். கம்பெனி அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. ஷெரோமி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“ஒங்க புரோகிராம்ல பிழ இல்ல தங்கச்சி. நான் குடுத்த ஹின்ட்தான் பிழ.”

“ஹின்ட் தானே மிஸ் குடுத்தீங்க. மாத்துனது நாந்தானே. இங்க கொண்டாந்து போட்டதும் நாந்தான். அம்மாவ இருக்கச் சொன்னதும் நாந்தான்.” குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் தேவலை என்று ஷெரோமிக்குத் தோன்றியது. “அஞ்சும் பாஸ்னு பச்சையில வந்துச்சில்ல மிஸ், அப்ப நெனச்சேன், நம்ம நெனச்சதுதான் தப்பு போல, படிச்சவங்க இப்பிடித்தான் செய்வாங்க போலன்னு. அதனாலதான் இங்கயும் அப்பிடியே விட்டேன்.”

ஷெரோமி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“நான் ஒங்ககிட்டக் கேட்டேன் மிஸ். மழ பெய்யலன்னு அர்த்தம் இல்லையேன்னு. ஹின்டுக்குப் பதில் போட்டீங்க. அதுக்குப் போடவேயில்ல.”

“ஆமாந் தங்கச்சி,” என்றாள் ஷெரோமி. “போடல. எனக்குப் பதில் தெரியும். தெரிஞ்சும் போடல.”

ஜெயந்தினி அவளைப் பார்த்தாள். கோபமா, வெறுப்பா, எதுவும் கண்டுபிடிக்க முடியாத பார்வை. பிடித்த கையை உதறவும் இல்லை, திரும்பப் பிடிக்கவும் இல்லை. பிறகு அவளாகவே பேசினாள்.

“அது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு மிஸ். மண்ணு விழுந்த மறுநாள் காலையிலயும் எல்லாருக்கும் பச்சன்னு போயிருக்கு. இன்னைக்கும் போச்சு. அம்மாவத் தூக்கிட்டுப் போறப்ப எல்லார் போன்லயும் பச்சதான் கெடந்துச்சு.”

ஆமாம், யாரும் நிறுத்தவில்லையே! அழகன் அளப்பதை விட்டுவிட்டான், கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது, அது தினமும் ஏழு மணிக்கு அதைப் பூச்சியமாக வாசித்துக்கொண்டே இருக்கிறது.

“நிப்பாட்டிருவமா?” என்று ஷெரோமி லேப்டாப்பை எடுத்தாள்.

“நிப்பாட்டுனா அப்பறம் எதுவுமே வராதே. வராட்டி நல்லாத்தான் இருக்கு போலன்னு நெனைப்பாங்க. குடுங்க.”

ஷெரோமி போன் சிக்னலில் லேப்டாப்பை இணைத்து ஜெயந்தினியின் மடியில் வைத்தாள். புரோகிராமின் கோட் திறந்தது. வெறும் கட்டத்துக்குப் பூச்சியம் வைக்கும் அந்த ஒற்றை வரி நடுவில் கிடந்தது. பார்க்க எந்தப் பாவமும் அறியாத சின்ன வரி. ஜெயந்தினி அதை அழித்தாள். கட்டம் வெறுமையாக இருந்தால் நிறம் சொல்லாதே, “அளக்கவில்லை” என்று அனுப்பு என்ற பழைய வரிகளை, யாரிடமும் ஒரு ஹின்டும் கேட்காமல், திரும்ப எழுதினாள். எழுதி முடித்ததும் லேப்டாப்பை மூடி ஷெரோமியிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பாய் மடித்தபடியே இருந்தது. கணக்கெடுத்தவர்கள் தெரியாமல் வீரம்மாவுக்கும் சேர்த்துக் கொடுத்த பாய் அது. ஷெரோமி வெறுந்தரையில் உட்கார்ந்தே இருந்தாள்.

விடிந்தபோது வெளியே மறுபடியும் தூறிக்கொண்டிருந்தது. யாரோ பெரிய கேத்தலில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்கள். ஏழு மணிக்கு வகுப்பறை முழுக்க, பாய்க்கடியிலும் இடுப்பு மடிப்பிலும் கிடந்த போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. பேச்சியம்மா தன்னுடையதை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். வட்டத்தைக் காணவில்லை. பக்கத்திலிருந்த பேத்தியிடம் நீட்டினாள்.

“என்னடி போட்டிருக்கு, எழுத்தா வந்திருக்கு?”

“அளக்கவில்லை. நிறம் சொல்ல முடியாது.”

எல்லாருடைய கண்ணும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக மலைப்பக்கம் போயிற்று. பேச்சியம்மா கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்தாள்.

“அடியாத்தீ,” என்றாள். “அன்னைக்கும் இப்பிடி வந்திருந்தா வீரம்மா மூட்டய அவுத்திருக்க மாட்டாளே.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஜெயந்தினியின் முதுகு குலுங்கத் தொடங்கியது.